நாளைக் காலை அம்மாவுக்கு ஒப்பரேஷன், இந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடலாமா? (அவசரம்)

கடற்கரைரோடு
வணக்கம். அம்மாவை இன்று மதியம் வாட்டில் சேர்த்தோம். நாளை ஏழரைக்கு தியேட்டருக்குக் கொண்டு போவார்களாம். இந்தத் தாளைத் தந்து கையெழுத்து வேண்டும் என்றார்கள். எல்லாம் ஆங்கிலம். அபாயங்கள் என்ற இடத்தில் இரத்தப்போக்கு, கிருமித்தொற்று, பித்தக்குழாய் காயம், கடைசியில் மரணம் என்று இருக்கிறது. கீழே “அவசியமெனக் காணும் வேறு சிகிச்சைக்கும் சம்மதிக்கிறேன்” மாதிரி ஒரு வரி. அப்படியென்றால் உள்ளே எதையும் வெட்டலாமா? படம் போட்டிருக்கிறேன். உடனே சொல்லுங்கள்.

பண்டிதன்
படம் சாய்ந்திருக்கிறது, உங்கள் கட்டைவிரல் கால்வாசித் தாளை மறைக்கிறது. என்ன ஒப்பரேஷன், அம்மாவுக்கு எத்தனை வயது, வேறு என்ன வருத்தம், எதுவும் இல்லை. நாங்கள் என்ன, சாத்திரம் பார்க்கவா? இதே கேள்விக்கு இங்கே பல தடவை பதில் எழுதியாயிற்று. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை.

மருதானை மாமி
பயப்பட வேண்டாம் தம்பி. எனக்குக் கண் ஒப்பரேஷனுக்கும் இப்படித்தான் தந்தார்கள், படிக்காமலே போட்டேன். அரை மணித்தியாலத்தில் முடிந்து வீட்டுக்கு வந்து பருப்புக்கறி சமைத்தேன். அம்மாவுக்கு எந்தக் கண்?

சட்டப்புள்ளி
கையெழுத்துப் போட்டால் பிறகு கேஸ் போட முடியாது. அதற்காகத்தான் இந்தத் தாளே. மரணம் என்று எழுதி உங்களிடம் ஒப்பம் வாங்கிவிட்டார்கள், கதை முடிந்தது.

கடற்கரைரோடு
கண் இல்லை மாமி, பித்தப்பையில் கல். ஓட்டை போட்டுச் செய்வது. வயது 61. நான் மகன், நானே கையெழுத்துப் போடட்டுமா?

பழைய தியேட்டர்க்காரி
தம்பி, தியேட்டரில் 26 வருடம் தாதியாக நின்றவள் நான். முதலில் கையெழுத்து: அம்மா சுயநினைவோடு, சொல்வதை விளங்கிக்கொள்ளும் நிலையில் இருந்தால் அவர்தான் போட வேண்டும். மகன் என்பதால் அவருக்குப் பதிலாக நீங்கள் போட முடியாது. வேண்டுமென்றால் சாட்சியாகப் போடலாம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே கையால் எழுதிய வரியில் ஒப்பரேஷன் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் கழித்தல் குறியும் ‘ஓபன்’ என்றும் இருக்கிறது, பார்த்தீர்களா? ஓட்டை வழியாகத் தொடங்குவோம், முடியாவிட்டால் வயிற்றைத் திறந்து செய்வோம் என்பதுதான் அது. முன்கூட்டியே திட்டமிட்ட ஒப்பரேஷன்களில் ஏறக்குறைய நூற்றில் ஐந்து இப்படித் திறப்பதில் முடியும். அதை யாரும் தோல்வியாக எடுப்பதில்லை. ஒட்டிப்போய்க் கிடக்கும் இடத்தில் பிடிவாதமாக ஓட்டை வழியே நோண்டுவதுதான் ஆபத்து.

அடுத்தது பித்தக்குழாய். ஈரலிலிருந்து குடலுக்குப் போகும் பெரிய குழாயில் ஒரு கிளைதான் பித்தப்பைக்குப் போகிறது. அந்தக் கிளையில் கிளிப் போட்டு வெட்டுவார்கள். பல தடவை அழற்சி வந்த பித்தப்பை என்றால் எது கிளை, எது பெரிய குழாய் என்று கண்ணுக்குப் பிரியாது. அப்போதுதான் தவறு நடக்கும். ஆயிரம் பேரில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இப்படிக் காயம் வருவதாகச் சொல்வார்கள். அரிதுதான், ஆனால் வந்தால் இன்னொரு பெரிய ஒப்பரேஷன் வரைக்கும் போகலாம். வீட்டுக்கு வந்த பிறகு வயிற்றுவலி குறையாமல் கூடினாலோ, கண் மஞ்சளானாலோ, காய்ச்சலோடு வயிறு வீங்கினாலோ, கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே திரும்பக் கொண்டு போங்கள்.

“வேறு சிகிச்சை” என்ற வரிக்கு எதையும் வெட்டலாம் என்று அர்த்தம் இல்லை. தொடங்கிய வேலையைப் பாதுகாப்பாக முடிக்க, அல்லது அந்த நேரம் உயிரைக் காக்க எது தேவையோ அது மட்டும். சூலகத்தில் ஒரு கட்டி தெரிந்தால், அவசரம் இல்லையென்றால், எழும்பிய பிறகு கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

சட்டப்புள்ளி
அக்கா, கேஸ் போடலாம் என்றே வைத்தாலும், நடைமுறையில் யார் வழக்குப் போட்டு வென்றார்கள்?

பம்பலப்பிட்டி நிழல்
வெல்வது கஷ்டம் என்பது வேறு, போடவே முடியாது என்பது வேறு. எழுதிய அபாயம் கவனமாகச் செய்தும் வந்தால் அதைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினோம் என்பார்கள். கவனக்குறைவுக்கு அந்தக் கையெழுத்து அனுமதி இல்லை. எனக்கு வேறு ஒரு கோபம். தமிழ் அரசகரும மொழியாகி 1987இலிருந்து இத்தனை வருடம், கொழும்பில் ஒரு தமிழ்ப் படிவம் கிடையாதா?

பண்டிதன்
அது அரசாங்கக் காரியாலயங்களுக்கு. தனியார் இடம் என்றால் அந்தச் சட்டம் எப்படிப் பொருந்தும்? உணர்ச்சிவசப்படாமல் வாசியுங்கள்.

பம்பலப்பிட்டி நிழல்
சட்டம் பொருந்துகிறதோ இல்லையோ, விளங்காத மொழியில் தந்த சம்மதம் எப்படிச் சம்மதமாகும்?

பண்டிதன்
வாயால் விளக்கினால் போதும்.

பம்பலப்பிட்டி நிழல்
யார் விளக்கினார்? தாளை நீட்டிவிட்டுப் போனதைத்தானே தம்பி எழுதியிருக்கிறார்?

பழைய தியேட்டர்க்காரி
நீங்கள் இரண்டு பேரும் பிறகு பேசுங்கள். தம்பி, உங்கள் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ‘வேறு நோய்கள், பாவிக்கும் மருந்துகள்’ என்ற வரியில் ஒரு கோடு இழுத்திருக்கிறது. இல்லை என்று அர்த்தம். அதை யார் நிரப்பினார்? அம்மாவுக்கு உண்மையிலேயே ஒன்றும் இல்லையா?

கடற்கரைரோடு
அட்மிஷனில் ஒரு பிள்ளை நிரப்பினார். வருத்தம் ஏதும் உண்டா என்று கேட்டார், இப்போது இல்லை என்றேன். இதயத்தில் 14 மாதத்துக்கு முன் ஸ்டென்ட் போட்டது, அது இப்போது சரி. குளோபிடோகிரலும் அஸ்பிரினும் தினமும் குடிக்கிறார். இன்று காலையும் குடித்தார்.

பழைய தியேட்டர்க்காரி
இதுதான் முக்கியம் தம்பி, மற்றதெல்லாம் இரண்டாவது. அந்தத் தாளின் கடைசிப் பந்தியைப் பாருங்கள், “நான் தந்த தகவல்கள் சரியானவை” என்று இருக்கிறது. அபாயத்துக்கு மட்டுமல்ல, அந்தக் கோட்டுக்கும் சேர்த்துத்தான் அம்மா கையெழுத்துப் போடப் போகிறார். அச்சடித்த ‘இரத்தப்போக்கு’ எல்லாருக்கும் பொது. குளோபிடோகிரல் இரத்தம் கட்டிப்போகாமல் தடுக்கும் மருந்து, அதைக் குடிப்பவருக்கு அது வேறு கணக்கு. வழமையாக ஐந்து நாளாவது முன்னால் நிறுத்தச் சொல்வார்கள், அஸ்பிரினைத் தொடரச் சொல்வதும் உண்டு. ஸ்டென்ட் இருப்பதால் அதை முடிவெடுக்க வேண்டியவர் இதய வைத்தியர். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், அது ஸ்டென்டை அடைத்துவிடலாம்.

இப்போதே வாட்டுத் தாதியிடம் சொல்லி, மயக்க மருந்து வைத்தியரையோ சேர்ஜனின் உதவி வைத்தியரையோ கூப்பிடச் சொல்லுங்கள். மருந்துப் பெட்டியைக் கையில் கொண்டு போங்கள். சொல்லி முடிக்கும்வரை அம்மா கையெழுத்துப் போட வேண்டாம். போட்டிருந்தாலும் பரவாயில்லை, மயக்கம் கொடுக்கும் நிமிடம் வரைக்கும் வேண்டாம் என்று சொல்லலாம்.

மருதானை மாமி
எனக்கும் அஸ்பிரின் தருகிறார்கள். கண் ஒப்பரேஷனுக்கு யாரும் கேட்கவே இல்லையே?

பழைய தியேட்டர்க்காரி
கண்ணில் வெண்படலம் எடுப்பதென்றால் பெரும்பாலும் நிறுத்தாமலே செய்வார்கள் மாமி. ஆனாலும் கேட்டிருக்க வேண்டும்.

பண்டிதன்
நான் முதல் பதிலிலேயே வேறு என்ன வருத்தம் என்று கேட்டேன் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

கடற்கரைரோடு *(மறுநாள் மதியம்)*
ஒப்பரேஷன் தள்ளிப்போட்டாயிற்று. இதய டொக்டரிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். அடுத்த வாரம் புதுத் தாள் தருவார்களாம். நன்றி அக்கா. ஓடுகிறேன்.

பழைய தியேட்டர்க்காரி
நல்லது. இரண்டு மருந்தையும் நிறுத்தச் சொன்னார்களா, ஒன்றை மட்டுமா? அதை எழுத்தில் வாங்கினீர்களா?