ட்யூரஸ், நெசசிட்டி: திங்கட்கிழமைக்குள் தமிழ் வேண்டும்

தருமபுரியிலிருந்து, வழக்கறிஞர்:

அனைவருக்கும் வணக்கம். கிராமங்களில் சட்ட உதவி செய்யும் தன்னார்வலர்களுக்கு ஒரு கையேடு தமிழில் போட்டுக்கொண்டிருக்கிறேன், திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவில் 32ஆம் பிரிவும் 19ஆம் பிரிவும்தான் மாட்டிக்கொண்டன. பழைய தண்டனைச் சட்டத்தில் 94, 81 என்று இருந்தவை. முதலாவது ட்யூரஸ், மிரட்டலுக்குப் பணிந்து குற்றம் செய்தவரை எப்போது விடலாம் என்பது. இரண்டாவது நெசசிட்டி, பெரிய கேட்டைத் தடுக்கப் போய் வேறொரு கேட்டைச் செய்தவர் விஷயம். ‘நிர்ப்பந்தம்’, ‘அவசியம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை.

கிருஷ்ணகிரியிலிருந்து, லாரி ஓட்டுநர்:

நிர்ப்பந்தம் நல்ல வார்த்தைதானே சார், எல்லாருக்கும் புரியும். எனக்கே நடந்தது. பெர்மிட் இல்லாத கல்லை ஏற்றிப் போகச் சொன்னார் ஓனர், போகாவிட்டால் நாளையிலிருந்து வண்டி கிடையாது என்றார். வீட்டில் மூன்று பிள்ளைகள். வழியில் பிடித்தார்கள், கேஸ் என் பேரில். இந்த 32 எனக்கு உதவுமா?

வழக்கறிஞர்:

உதவாது அண்ணா. நிர்ப்பந்தம் என்ற சொல் எனக்கு ஆகாததற்கு நீங்கள் கேட்டதே காரணம். வேலை போகும் என்பதும் அடிப்பேன் என்பதும் கடன்காரன் வாசலில் நிற்பதும் நம் பேச்சில் நிர்ப்பந்தம்தான். சட்டம் கேட்பது ஒன்றே ஒன்று: இப்போதே, இந்த இடத்திலேயே என் உயிர் போய்விடும் என்ற அச்சம், அதுவும் நியாயமான அச்சம்.

சட்டத்திலேயே கொல்லன் உதாரணம் ஒன்று இருக்கிறது, அதை நம் ஊருக்குக் கொண்டுவருகிறேன். பாலக்கோட்டில் ஒரு வெல்டர் இரவு பதினொரு மணிக்குப் பட்டறையைப் பூட்டுகிறார். நான்கு பேர் கழுத்தில் கத்தி வைத்து, கேஸ் கட்டரோடு வண்டியில் ஏற்றி, ஒரு நகைக்கடை ஷட்டரை அறுக்கச் சொல்கிறார்கள். அறுக்கிறார். கத்தி கூடவே இருக்கிறது, ஓட வழி இல்லை. இவருக்கு 32 உண்டு.

அதே ஆளை மறுவாரம் போனில் கூப்பிட்டு, “இன்னொரு கடை இருக்கு, வரலைன்னா ஒரு நாள் தீர்த்துடுவோம்” என்கிறார்கள். அவரே பைக்கில் போய் அறுக்கிறார். இப்போது கிடையாது. போன் வந்ததற்கும் ஷட்டருக்கும் நடுவே போலீஸ் ஸ்டேஷன் இருந்தது. அதேபோல, கும்பல் எப்படிப்பட்டது என்று தெரிந்தே முதலில் சேர்ந்துவிட்டு, பிறகு மிரட்டினார்கள் என்றாலும் செல்லாது. அடிக்குப் பயந்து சேர்ந்தேன் என்றாலும் அப்படியே.

அரூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, சொல் நம்மிடம் இருக்கிறது, தேடத்தான் ஆளில்லை. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் “அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே” என்று அச்சத்துக்கு நான்கு நிலைக்களன் சொல்லியிருக்கிறது. உங்கள் சட்டம் கொள்ளையரை உதாரணம் காட்டுகிறது, அங்கேயும் கள்வர்! ‘பிணங்கல் சாலா’ என்றால் எதிர்த்து நிற்க முடியாத. ட்யூரஸ் என்பதற்கு இதைவிட நல்ல வரையறை வேண்டுமா? ஆகவே ‘பிணங்காமை’ எனலாம். அல்லது அணங்கு என்பதற்கு வருத்துதல் என்றும் பொருள் உண்டாதலால் ‘அணங்குறுத்தம்’. அணங்கு, அணுங்கு, நுணங்கு எல்லாம் ஒரே வேர் என்று நான் நெடுநாளாகச் சொல்லி வருகிறேன்...

ஓசூரிலிருந்து, மென்பொருள் ஆள்:

ஐயா, மன்னிக்கவும், ‘அணங்குறுத்தம்’ என்று படித்தால் பெண்பிள்ளை ஏதோ தொந்தரவு செய்த கேஸ் என்றுதான் நினைப்பார்கள். ‘கழுத்துக் கத்தி’ என்றே வையுங்கள். பிரிவு 32, கழுத்துக் கத்தி விலக்கு. யாராவது மறப்பார்களா? அப்புறம் ஒன்று, உயிருக்குப் பயந்து செய்தால் கொலைக்கும் விலக்கு உண்டுதானே?

வழக்கறிஞர்:

இல்லை, அதுதான் எல்லை. கொலைக்கும், அரசுக்கு எதிரான குற்றங்களில் மரண தண்டனைக்குரியவற்றுக்கும் 32 பொருந்தாது. ஷட்டரை அறுத்த வெல்டரிடம் “வாட்ச்மேனைக் குத்து” என்று சொல்லி அவர் குத்திக் கொன்றால், கத்தி கழுத்தில் இருந்தாலும் கொலைதான். இங்கிலாந்திலும் மிரட்டலைச் சொல்லிக் கொலையிலிருந்து தப்ப முடியாது என்று 1987இல் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது.

என் முன்மொழிவு ‘உயிரச்சக் கட்டாயம்’.

பாலக்கோட்டிலிருந்து, பள்ளி ஆசிரியை:

யாருடைய உயிர்? வெல்டரை விடுங்கள், கத்தி அவர் மகன் கழுத்தில் இருக்கிறது. எந்தத் தகப்பன் அறுக்க மாட்டான்? ‘உயிரச்சம்’ என்றால் நான் அதையும் சேர்த்துத்தான் படிப்பேன்.

வழக்கறிஞர்:

சரியான இடத்தில் பிடித்தீர்கள் அக்கா. பிரிவின் வாசகத்தில் ‘அந்த நபருக்கு’ உடனடி மரணம் என்றே இருக்கிறது, மகன் அதில் இல்லை. இங்கிலாந்துச் சட்டத்தில் குடும்பத்தாருக்கு வரும் மிரட்டலும் கணக்கு, கடுமையான காயம் என்ற மிரட்டலும் போதும். நம்முடையது 1860இலேயே குறுக்கி எழுதப்பட்டது, புதிய சட்டமும் அப்படியே எடுத்துக்கொண்டது. மகன் விஷயத்தை 19க்குள் கொண்டுவரலாமா என்றால், வாதாடலாம், உறுதி சொல்ல மாட்டேன்.

ஆசிரியை:

அப்படியானால் ‘தன்னுயிரச்சக் கட்டாயம்’ என்று போடுங்கள். சட்டம் கஞ்சத்தனமானது என்று சொல்லிலேயே தெரியட்டும்.

தமிழாசிரியர்:

ஏழு அசை வருகிறது, சொல்லா சரக்கு ரயிலா? நெசசிட்டிக்காவது ‘இடுக்கண்’ என்று வையுங்கள், பசிக்குத் திருடியவனுக்கும் பொருந்தும். ஆனால் வள்ளுவர் அதையும் ஒப்பவில்லை: “ஈன்றாள் பசிகாண்பான் ஆயினுஞ் செய்யற்க சான்றோர் பழிக்கும் வினை.”

வழக்கறிஞர்:

ஐயா, அந்தக் குறளும் 19ஆம் பிரிவும் இந்த ஒரு இடத்தில் ஒத்துப்போகின்றன. 1884இல் ஒரு கப்பல் மூழ்கி, படகில் தப்பிய மாலுமிகள் பட்டினியால் தங்களோடு இருந்த பதினேழு வயதுப் பையனைக் கொன்று தின்றார்கள். பசி காரணமாகாது என்று இங்கிலாந்து நீதிமன்றம் கொலைக் குற்றமாகவே தீர்த்தது, பிறகு தண்டனை ஆறு மாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது.

நம் 19 வேறு விஷயம். கேடு வரும் என்று தெரியும், ஆனால் கேடு செய்யும் குற்ற எண்ணம் இல்லை, பெரிய கேட்டைத் தவிர்க்க நல்லெண்ணத்தோடு செய்கிறார், அவ்வளவுதான். சட்டத்தில் உள்ள உதாரணத்தில், இருபது முப்பது பேர் இருக்கும் படகில் மோதுவதைத் தவிர்க்க, இரண்டு பேர் இருக்கும் படகில் மோதலாம் என்று தெரிந்தே கப்பலைத் திருப்புகிறார் தலைவன். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவருக்கு இதை விளக்கவே வேண்டாம். பசிக்கு அரிசி எடுத்தவர் எடுக்கவேண்டும் என்றே எடுத்தார், எனவே இங்கே வரமாட்டார். ‘இடுக்கண்’ என்றால் அவர்தான் முதலில் வருவார். ‘கேடு தவிர்ப்பு’ போதும்.

ஓட்டுநர்:

அப்போ எனக்கு ஒன்றுமே இல்லையா?

வழக்கறிஞர்:

இந்த இரண்டு பிரிவிலும் இல்லை அண்ணா. ஆனால் ஓனர்தான் அனுப்பினார் என்பதற்கு வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அழிக்காதீர்கள், தண்டனை பேசும்போதாவது அது பேசும். விலக்கு கேட்பவர்தான் அதை நிரூபிக்கவேண்டும். வெல்டர் கூட விடிந்ததும் ஸ்டேஷனுக்குப் போனாரா, கூலி என்று கொடுத்த பணத்தை வாங்கினாரா என்றுதான் முதலில் கேட்பார்கள். தனியாக எழுதுங்கள், எஃப்.ஐ.ஆர். நகலைப் பார்க்கிறேன்.

கையேட்டில் ‘தன்னுயிரச்சக் கட்டாயம்’, ‘கேடு தவிர்ப்பு’ என்று போட்டு, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் நிர்ப்பந்தம் என்றும் சேர்க்கிறேன். மூன்று பேர் சரி என்றிருக்கிறார்கள்.

தமிழாசிரியர்:

நான் அந்த மூவரில் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும். அணங்கின் வேரைப் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.