புதுப்பிப்பு: அப்பாவின் தலைச்சுற்றல்

முன்பு நான் கேட்டது: "அப்பாவுக்கு 74 வயது. பிரஷர் 118/70 தான். பிறகு ஏன் எழுந்தால் கண் இருட்டுகிறது?"

நின்றபடியும் அளக்கச் சொன்ன செவிலியர் அக்காவுக்கு நன்றி. ஐந்து நிமிடம் படுக்க வைத்து அளந்தால் 118. எழுந்து நின்ற மூன்றாம் நிமிடத்தில் 92. நின்றதும் மேல் எண் 20 இறங்கினாலே மருந்தைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர்.

அப்பா ஆறு மாதத்தில் ஏழு கிலோ மெலிந்திருந்தார். பிரஷர் மருந்தின் அளவு மட்டும் பழையது. அம்லோடிபின், டெல்மிசார்ட்டன், சிறுநீர் பிரிக்கும் மாத்திரை என மூன்று. போதாததற்குப் புரோஸ்டேட்டுக்கு வேறொருவர் எழுதிய டாம்சுலோசின். அதுவும் அழுத்தத்தை இறக்கக்கூடும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை!

மருத்துவர் சிறுநீர் மாத்திரையை மட்டும் நிறுத்தினார். எல்லாவற்றையும் ஒன்றாகக் குறைத்தால் காரணம் எதுவென்று தெரியாது, அழுத்தமும் ஏறிவிடலாம் என்றார்.

உப்புநீர் கொடுக்கச் சொன்ன அண்ணா, உடலில் நீர் குறைந்திருந்தது உண்மைதான். ஆனால் உப்பைக் கூட்ட வேண்டாம் என்றுவிட்டார் மருத்துவர். தன் அம்மாவுக்கு நேர்ந்ததுபோல் சர்க்கரை இறக்கமோ என்று கேட்ட தோழிக்கு: அளந்தோம், 110.

இரண்டு வாரமாயிற்று. நின்றால் இப்போது 114. ஆனாலும் விடியற்காலையில் கழிப்பறைக்கு எழும்போது தள்ளாட்டம் இருக்கிறது. டாம்சுலோசினை என்ன செய்வது என்று வியாழக்கிழமை கேட்கப் போகிறேன்.