அம்மா நகையைப் பங்கு பிரிக்கும்போது கல் அட்டிகையில் ஏமாந்த கணக்கு: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

குடந்தைப் பெண்

பெரியம்மா வீட்டு நகையை இரண்டு அக்காமாரும் பிரித்தபோது கூட இருந்தேன். கெம்புக்கல் அட்டிகை தராசில் 46.200 கிராம். "அஞ்சே முக்கால் பவுன்" என்று மாமா சத்தமாகச் சொன்னார். நகைக்கடைக்காரர் குனிந்து பார்த்து, "கல்லுக்கு ஒன்பது கிராம் கழிச்சுக்கோங்க" என்றார். மீதி 37.200. அதே எடைக்கு 916 முத்திரை போட்ட வளையலும் சங்கிலியும் எடுத்துவைத்தார்கள். பெரியக்கா அட்டிகையை எடுத்துக்கொண்டார், சின்னக்கா மற்றதை.

மூன்று மாதம் கழித்து அட்டிகையை அழித்து வளையல் செய்யக் கொடுத்தார் பெரியக்கா. பட்டறையில் பின்தகட்டைப் பிரித்ததும் உள்ளேயிருந்து கறுப்பாக அரக்கு கட்டிகட்டியாக விழுந்தது. கல் 5.400, அரக்கும் அழுக்கும் 7.300. உருக்கியபின் கட்டி 33.500 கிராம், மாற்று 84 சதவீதம். அந்த அரக்கு விழுந்த சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது. அன்று எங்கே தப்பு நடந்தது?

பட்டறைக்காரன்

கடைக்காரர் கல்லைத்தான் கழித்தார், அரக்கை மறந்துவிட்டார். பழைய கெம்பு வேலையில் கல் நேராகத் தங்கத்தின்மேல் உட்காராது. குழிக்குள் அரக்கு, அதன்மேல் பளபளப்புக்கு ஒரு மெல்லிய தகடு, அதற்கும் மேலேதான் கல். பின்தகட்டை நகத்தால் தட்டிப் பாருங்கள். கெட்டித் தங்கம் கணீரென்று கேட்கும், அரக்கு உள்ளது மந்தமாக "டொக்" என்று நிற்கும். மாங்காய் மாலை, குண்டு மாலையிலும் இதே கதைதான்.

நகையை அழிக்காமல் கணக்குப் பார்க்கவும் வழி உண்டு. அட்டிகையில் எத்தனை அளவில் கல் இருக்கிறதோ, ஒவ்வொரு அளவிலும் ஒரு கல்லை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். அந்தக் குழியைச் சுரண்டி, கல்லையும் அரக்கையும் மில்லிகிராம் காட்டும் தராசில் நிறுத்து, அந்த அளவில் உள்ள கல்லின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். எல்லா அளவையும் கூட்டியதே கழிவு. பிறகு கல்லைத் திரும்பப் பதித்துவிடலாம். குழிக்குக் குழி அரக்கு கொஞ்சம் மாறும் என்பதால் அரை கிராம் முன்பின் வரும். கண்ணால் பார்த்துக் கழித்ததைவிட அது எவ்வளவோ தேவலை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: சுத்தம் பண்ணுகிறேன் என்று தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். ஈரம் உள்ளே போனால் தகடு கறுத்து, கல் சிவப்பு செத்துவிடும்.

கோவை ராஜா

இவ்வளவு எதுக்குங்க? காரட் மெசின் வெச்சிருக்கிற கடைக்குப் போனா ஒரு நிமிசத்துல மாற்று தெரிஞ்சிரும். அதை எடையால பெருக்கினா வேலை முடிஞ்சுது.

பட்டறைக்காரன்

ராஜா தம்பி, மாற்று பார்க்க மெசின் நல்லதுதான். ஆனால் அது மேல்தோலை மட்டும் பார்க்கும். உள்ளே அரக்கு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. முலாம் போட்டு மெருகேற்றிய பழைய நகை என்றால் 92 கூடக் காட்டும். பின்பக்கம் மறைவான இடத்தில் அரத்தால் லேசாகக் கீறி, அந்த இடத்தில் பார்க்கச் சொல்லணும். கொக்கியில் வைத்துப் பார்த்தால் பயனில்லை. தேய்ந்துபோய் நடுவில் மாற்றிய கொக்கியாக இருக்கும், அதன் மாற்று வேறு. பற்றவைத்த இடங்களில் மாற்று இன்னும் குறையும். உருக்கியபின் 84 வந்ததற்குப் பழைய பற்றுப்பொடியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

திருச்சி அகிலா

எங்க அம்மாவின் வைரத்தோடு, ஏழு கல். கல்லுக்குக் கழிக்கணும் என்கிறீர்களே, அப்போ வைரத்துக்கு மதிப்பே இல்லையா? என் நாத்தனார் இதைத்தான் சொல்லிக்கொண்டு நிற்கிறாள்.

வங்கி மதிப்பீட்டாளர் (ஓய்வு)

அகிலாம்மா, கழிப்பது தங்கத்தின் எடையிலிருந்து மட்டும்தான். வைரத்துக்குத் தனியாக விலை போடணும். ஐந்து காரட் கல் ஒரு கிராம். தோட்டில் மொத்தம் ஒரு காரட் வைரம் என்றால் எடையில் 0.200 கிராம் கழியும், அவ்வளவுதான். அந்தக் கல்லுக்கு வைரம் பார்க்கத் தெரிந்தவரிடம் தனிச்சீட்டு வாங்குங்கள். அடகுக் கடையிலும் வங்கியிலும் கல்லுக்கு மதிப்பு போடுவதில்லை. அடகுச் சீட்டைக் காட்டி வைரத்துக்கு மதிப்பில்லை என்று நாத்தனார் பேசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இனி குடந்தைப் பெண்ணின் கணக்கு. 33.500 கிராமை 84 மாற்றால் பெருக்கினால் சுத்தத் தங்கம் 28.14 கிராம். பலர் தடுக்கி விழுவது அடுத்த படியில்தான். இந்த 28.14-ஐப் பலகையில் உள்ள 22 காரட் விலையால் பெருக்கிவிடுவார்கள். 22 காரட் விலை என்பதே 91.6 மாற்றுக்கான விலை. அதில் செம்பு, வெள்ளி கலப்பு ஏற்கெனவே கழிந்துவிட்டது. இப்படிப் பெருக்கினால் இரண்டாம் தடவை கழித்ததாகிவிடும். 28.14-ஐ 24 காரட் விலையால் பெருக்கலாம். இல்லையென்றால் 0.916-ஆல் வகுத்து, 30.72 கிராம் 22 காரட் என்று மாற்றி, 22 காரட் விலையால் பெருக்கலாம். இரண்டில் ஒன்று, கலந்துவிடக் கூடாது. கிராம் 10,000 என்று வைத்துக்கொண்டால் கலப்பதில் மட்டும் 25,800 ரூபாய் போய்விடும்.

ஆகப் பெரியக்காவுக்குக் கிடைத்தது 3.84 பவுன். சின்னக்காவுக்கு 4.65.

குடந்தைப் பெண்

வித்தியாசம் 6.48 கிராம். அதைத்தான் சின்னக்கா திருப்பித் தரணும் என்று பெரியக்கா கேட்கிறார். "எடுத்தது நீதானே" என்கிறார் சின்னக்கா.

வங்கி மதிப்பீட்டாளர் (ஓய்வு)

6.48 கேட்பது தப்பம்மா. அதில் பாதி, 3.24 கிராம் கொடுத்தால் இருவரிடமும் 33.96 ஆகிவிடும். முழுசாகக் கொடுத்தால் சின்னவர் 30.72-க்கு இறங்கி, பெரியவர் 37.20-க்கு ஏறிவிடுவார். சண்டை இடம் மாறுமே தவிர தீராது.

இன்னொன்று. இதை ரூபாயில் எழுதாமல் கிராமில் எழுதுங்கள். இன்று பேசி ஆறு மாதம் கழித்துக் கொடுத்தால் விலை எங்கே நிற்குமோ. "3.24 கிராம் 22 காரட், கொடுக்கும் நாளின் விலைப்படி" என்று எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை.

கோவை ராஜா

எந்த விலைங்க சார்? பலகை விலையா, பழைய நகையைக் காசுக்குக் கொடுத்தா கடைக்காரன் தர்ற விலையா? கடையில வித்தா கழிச்சுத்தானே தருவான். சின்னக்கா பலகை விலை கொடுத்தா அவங்களுக்கு நட்டம்.

பட்டறைக்காரன்

பெரியக்கா அதே எடைக்குத் தங்கம் வாங்கப் போனால் பலகை விலைக்குமேல் சேதாரமும் 3 சதவீத ஜி.எஸ்.டி.யும் கொடுக்கணுமே, அது யார் நஷ்டம்? யாரும் விற்கவில்லை, யாரும் வாங்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் பலகை விலைதான் நியாயம்.

வங்கி மதிப்பீட்டாளர் (ஓய்வு)

பட்டறைக்காரர் சொல்வது பாதிக்குச் சரி. சின்னவர் கையில் ரொக்கம் இல்லாமல் வளையலை விற்றுத்தான் கொடுக்கணும் என்றால் ராஜா சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் முடிந்தவரை பொருளாகவே கொடுங்கள் என்பேன். 3.24 கிராமுக்கு ஒரு மோதிரம் போதும். விலைப் பேச்சே வராது.

திருச்சி அகிலா

அம்மா நகை பெண்பிள்ளைக்குத்தானே? என் அண்ணனும் பங்கு கேட்கிறார், அதுவும் நியாயமா?

வங்கி மதிப்பீட்டாளர் (ஓய்வு)

வழக்கத்தில் அப்படி. உயில் இல்லாத இந்துக் குடும்பம் என்றால், 1956 வாரிசுரிமைச் சட்டப்படி தாயின் சொத்து மகன், மகள், கணவர் எல்லாருக்கும் சமம். நகையும் அதில் அடக்கம்.

குடந்தைப் பெண்

மோதிர யோசனையைச் சின்னக்காவிடம் சொன்னேன். ஒத்துக்கொள்கிற மாதிரிதான் தெரிந்தது. இப்போது கழற்றிய கெம்புக்கல் 5.400 கிராம் பொட்டலம் யாருக்கு என்று ஆரம்பித்திருக்கிறார்கள். இரண்டு பேர் கணக்கிலும் அது வரவேயில்லை.