வீட்டில் சாவு நடந்த பிறகு திரும்பப் படிக்க உட்கார்ந்தவர்கள் இருக்கிறீர்களா? உங்கள் அனுபவம்

மஸ்கெலியாக்காரி

அம்மா மார்ச்சில் போய்விட்டார். எப்படி என்று எழுதப்போவதில்லை, அதை எழுதத் தொடங்கினால் மற்றது வராது. நான் அப்போது தரம் 13, கணிதப் பிரிவு, நவம்பரில் ஏஎல். பதினாறு முடிந்து பள்ளிக்கூடம் போனேன், போனேன் என்பதோடு சரி. ஜூன் வரைக்கும் ஒரு கணக்குப் போடவில்லை. அப்பா விடிந்ததும் மலைக்குப் போய்விடுவார், தம்பி தரம் 8, ரொட்டி சுட்டு அவனை அனுப்பிவிட்டு நானும் கிளம்பவேண்டும். எல்லாரும் "நீதான் படிச்சு மேல வரணும் பிள்ள" என்று சொல்லிச் சொல்லியே கொப்பியைப் பார்த்தாலே வயிற்றைப் பிசையும்.

எனக்கு மறக்காமல் இருப்பது ஒரு நாள்தான். ஹட்டனில் இணைந்த கணிதம் கிளாஸ் எடுக்கும் சார் எல்லாரும் போன பிறகு என்னை நிறுத்தி, கொப்பியைத் திற என்றார். திறந்தால் அந்தப் பக்கம். மேலே அம்மா போன நாளின் திகதி, கீழே வட்டம் பற்றிய ஒரு கேள்வி, நாலு வரி போட்டு "ஆகவே" என்று எழுதி நின்றிருக்கிறேன். அந்த நேரத்தில்தான் கூப்பிட்டு அனுப்பினார்கள். இரண்டு மாதத்துக்கு மேலாக அந்தப் பக்கத்தைத் தாண்டி என்னால் திருப்ப முடியவில்லை, அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. சார் திகதியைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கொப்பியை மூடி என் பைக்குள் அடியில் வைத்தார். மேசையிலிருந்து ஒரு 40 பக்கக் கொப்பி எடுத்துத் தந்து, "இனி இதுல எழுது. ஒரு நாளைக்கு ஒரு ஏ பகுதிக் கேள்வி. இன்னைக்குத் தொகுத்தறிவு. n = 1 இற்கு உண்மைன்னு மட்டும் காட்டிட்டு மூடிடு" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. n = 1 காட்டுவது இரண்டு வரி, தரம் 12 பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் அன்றிரவு இஸ்தோப்பில் உட்கார்ந்து அந்த இரண்டு வரியைப் போட எனக்கு இருபது நிமிஷம் போனது. மறுநாள் n = p என்று எடுத்து n = p + 1 வரை போனேன். யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பதுளை ரோடு

என் அப்பா நான் ஓஎல் எழுதும் வருஷம் தவறினார். நானும் எழுந்து வந்தேன்.

தங்கச்சி, ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கவலையை உடைக்க ஒரே வழி நேர அட்டவணை. காலை நாலு மணிக்கு எழும்பு, நாலிலிருந்து ஆறு வரை கணிதம், பின்னேரம் நாலிலிருந்து ஆறு பௌதிகம், இரவு எட்டிலிருந்து பத்து இரசாயனம். சுவரில் ஒட்டு. போனை அப்பாவிடம் கொடு. ஞாயிற்றுக்கிழமை ஒரு முழுப் பேப்பர், மூன்று மணித்தியாலம் கடிகாரம் வைத்துச் செய். ஒவ்வொரு நாளும் அதே நேரம், அதே இடம், அதுதான் முக்கியம், உடம்பு அதற்குப் பழகிவிட்டால் மனசும் பின்னாலேயே வரும். சும்மா ஒரு கேள்வி இரண்டு கேள்வி என்று ஊர்ந்துகொண்டிருந்தால் பரீட்சை வந்து நிற்கும், நீ இன்னும் தொகுத்தறிவிலேயே இருப்பாய். அனுதாபப்பட்டு ஆட்கள் உன்னைக் கெடுத்துவிடுவார்கள். சார் நல்லவராக இருக்கலாம், ஆனால் ஒரு கேள்வி என்பது ஏஎல் பிள்ளைக்கு அவமானம்.

டயகம தம்பி

அண்ணா, அவர் அட்டவணை கேட்கவே இல்லை.

நீங்கள் சொன்னதையே நான் செய்து பார்த்தேன். எனக்கு உயிரியல், அப்பா லொறியில் அடிபட்டுப் படுத்த வருஷம். நாலு மணி அலாரம், சுவரில் கலர் பேனையால் அட்டவணை. மூன்று நாள் போனது. நாலாம் நாள் இரவு அப்பாவைப் பார்க்க முழித்திருந்ததில் விடிய எழும்பவில்லை. ஒரு நாள் தவறியதும் "சரி, இன்னைக்குப் போச்சு", மறுநாள் நேற்று விட்டதையும் சேர்த்துச் செய்யவேண்டும் என்று நினைத்தேன், அதுவும் நடக்கவில்லை. ஐந்தாறு நாளில் அட்டவணையைப் பார்க்கவே வெட்கம். கிழித்துப் போட்டுவிட்டு ஒரு மாதம் புத்தகம் தொடவில்லை. அட்டவணை இல்லாமல் இருந்திருந்தால் அந்த ஒரு மாதம் போயிருக்காது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அப்புறம் செய்தது எம்சிகியூ மட்டும். முதல் பேப்பரில் 50 கேள்வி, அதில் பத்து, ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்தபடி. விட்ட நாளை விட்டுவிடுவேன், மறுநாளும் பத்துதான், இருபது இல்லை.

ஆனால் ஒரே நேரம் ஒரே இடம் என்றீர்களே, அது சரிதான். அதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

ஓய்வு டீச்சர்

பள்ளியில் முப்பது வருஷம் கணிதம் கொடுத்தவள் நான். அந்த சார் செய்தது விளையாட்டில்லை பிள்ளை.

இணைந்த கணிதத்தில் ஒரு பேப்பருக்கு 1000 புள்ளி. ஏ பகுதி பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 25, பத்தும் கட்டாயம். பி பகுதியில் ஏழு, ஐந்து செய்தால் போதும், ஒன்றுக்கு 150. நேரத்தைப் புள்ளிப்படி பிரித்தால் ஒரு ஏ கேள்விக்கு நாலரை நிமிஷம்தான் விழும், நடைமுறையில் பிள்ளைகள் எட்டு, பத்து எடுக்கிறார்கள். அதனால் துக்கத்திலிருக்கும் பிள்ளைக்கு அதுதான் பொருத்தமான அளவு. தொடங்கினால் அன்றைக்கே முடியும், பாதியில் நிற்காது. பாதியில் நின்ற கணக்குதான் உன்னை இரண்டு மாதம் கட்டிப்போட்டது. பி பகுதிக் கேள்வியைத் தந்திருந்தால் அதிலும் பாதியில் நின்றிருப்பாய்.

என்னிடம் ஒரு பையன் இருந்தான், அப்பாவை இழந்தவன். அவனுக்கு முதல் இரண்டு வாரம் ஒன்று, இருபத்தைந்து நிமிஷம், முடிந்தாலும் முடியாவிட்டாலும் மூடிவிட வேண்டும். மூன்றாம் வாரம் இரண்டு. ஐந்தாம் வாரம்தான் பி பகுதி, அதுவும் (அ) பகுதி மட்டும், மிச்சத்தைப் பார்க்கவே கூடாது என்று பேப்பரை மடித்துக் கொடுப்பேன். எப்போது கூட்டலாம் என்று கேட்டால் நான் விடையைப் பார்ப்பதில்லை. மூடச் சொன்ன பிறகும் பிள்ளை பேனையை வைக்காமல் இன்னும் ஒரு வரி எழுதினால் கூட்டலாம். கொப்பியைத் திறக்கவே பத்து நிமிஷம் சுற்றிக்கொண்டிருந்தால் குறைக்கவேண்டும். அவன் 31ஆம் நாள் கழிந்து நன்றாகத்தான் வந்தான். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் திடீரென்று முதல் நாள் மாதிரி ஆகிவிட்டான், நான் அதை எதிர்பார்க்காமல் திட்டிவிட்டேன். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது. முதல் தீபாவளி, முதல் பொங்கல், வருஷத் திதி, இந்த மூன்றுக்கும் முன்னால் அளவை நீயாகவே ஒன்றுக்கு இறக்கிவிடு, இறக்கியதற்கு வெட்கப்படாதே.

இன்னொன்று. இது படிக்க மனம் வராத பிள்ளைக்கான வழி. தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, நானும் போய்விடலாம் என்று தோன்றுகிறது என்றால் கணக்குக் கொப்பியால் ஆகாது, 1926 மனநல உதவி இலக்கத்துக்கு அடிக்கலாம், பெரியவர் ஒருவரிடம் சொல்லியே ஆகவேண்டும்.

மண்சரிவுக்குப் பிறகு

எங்களுக்கும் இதே பிரச்சினைதான். 2025 நவம்பர் புயலில் எங்கள் லயத்தின் பின்பக்கம் இறங்கிவிட்டது, உயிர் தப்பினோம், பெரியம்மா தப்பவில்லை. பரீட்சை நடுவில் நின்று மிச்சப் பேப்பரை ஜனவரியில் எழுதினோம். எனக்குக் கொப்பி எல்லாம் மண்ணோடு போனது. பாடசாலை ஆவணங்களின் பிரதியை எங்கே எடுப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சார் தந்த புதுக் கொப்பி விஷயம் எனக்கு வேறு மாதிரி. பழைய கொப்பி இல்லாதது சுகமாக இருந்தது. சொன்னால் எல்லாரும் திட்டுவார்கள் என்று சொல்லவில்லை. முகாமில் ஒரு அக்கா வினாத்தாள் போட்டோக்கொப்பி கொண்டுவந்தார், அதைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து ஒரே பேப்பரை ஆளுக்கொரு கேள்வி என்று செய்தோம். அப்போதுதான் பெரியம்மா பேரைச் சொல்லி முதல்முறை அழுதேன்.

நுவரெலியா இலக்கம்

மனம் நோகாமல் ஒரு உண்மை. கெம்பஸ் போவது இசட் புள்ளியில். மூன்று பாடத்திலும் எஸ் சித்தி எடுத்து, பொதுச் சாதாரண பரீட்சையில் 30 எடுத்தாலும் விண்ணப்பிக்கத் தகுதி மட்டும்தான், பொறியியலுக்கு எங்கள் மாவட்டத்திலேயே எஸ் போதாது. எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள் என்பவர்கள் அதையும் சொல்லவேண்டும்.

ஓய்வு டீச்சர்

சொல்கிறேன் தம்பி. ஏ பகுதியில் கேள்விக்குச் சராசரி 18 எடுத்தால் 180, பி பகுதியில் இரண்டு கேள்வியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, 85, 85 எடுத்தால் 170. மொத்தம் 350, எஸ். ஜூனில் இந்தப் பிள்ளைக்கு நான் வைக்கும் இலக்கு அதுதான், ஏனென்றால் அதற்கு என்ன செய்யவேண்டும் என்று கொப்பியில் காட்டலாம். பொறியியல் கனவை ஜூனில் காட்டினால் கொப்பியைத் திறக்கமாட்டாள். அடுத்த வருஷம் எழுதும்போது இலக்கை மாற்றிக்கொள்ளலாம், மூன்று தடவை இருக்கிறதல்லவா.

பதுளை ரோடு

மூன்று தடவை இருக்கிறது என்று சொல்லித்தான் பிள்ளைகள் வருஷத்தை வீணாக்குகிறார்கள். என் கருத்தில் மாற்றமில்லை.

மஸ்கெலியாக்காரி

எல்லாருக்கும் நன்றி. முதல் எழுத்தில் முடிவைச் சொல்லவில்லை. கணிதம் சி, மற்ற இரண்டும் எஸ். நுவரெலியா இலக்கம் சொன்ன மாதிரி பொறியியல் கிடைக்காது, இரண்டாம் தடவை எழுதுகிறேன். தீபாவளிக்கு முன்னால் இறக்கச் சொன்னீர்களே டீச்சர், அது யாரும் எனக்குச் சொல்லவில்லை, அந்த நேரம் நான் ஒன்பது நாள் விட்டுவிட்டேன், எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன்.

பக்கத்துக் காம்பரா பாட்டி ஒரு நாள், "ஆத்தா போயி மூணு மாசம் ஆகல, பிள்ள என்னமா படிக்குது பாரு" என்றார். புகழ்ந்தாரா குத்தினாரா என்று தெரியவில்லை. அன்றிரவு கேள்வி போடவில்லை.

டயகம தம்பி

அக்கா, கேட்கலாமா தெரியவில்லை. அந்தப் பழைய கொப்பியில் இருந்த கணக்கு?

மஸ்கெலியாக்காரி

இருக்கிறது. புள்ளி ஒன்று தந்து, அதிலிருந்து வட்டத்துக்கு வரையும் தொடலிகளின் தொடுநாண் சமன்பாடு. நான் எங்கே நின்றேன், அடுத்த வரி என்ன என்று இப்போது பார்த்தவுடனே தெரிகிறது.

யாரும் விடையை இங்கே போட்டுவிடாதீர்கள்.