வெண்டைக்கு வாங்கிய கடனை வெண்டையே அடைக்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

தாமரைப்பாக்கம் தோட்டக்காரர்

விவசாயிகள் குழு மூலமாகச் சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் மிச்சத்தைக் கோயம்பேட்டுக்கும் காய் அனுப்புகிறோம். ஆடிப் பட்டத்தில் அரை ஏக்கர் ஒட்டு வெண்டை போட்டேன். அதன் கணக்கை அப்படியே வைக்கிறேன். எங்கே இடிக்கிறது என்று பாருங்கள்.

உழவு, எரு, விதை, பார் பிடித்து ஊன்றியது வரை 12,000 ரூபாய். பிறகு களை, மேலுரம், மருந்துக்கு 10,000. கடன் கேட்கப் போனால் எல்லோரும் இந்த 22,000-ஐத்தான் சொல்கிறோம். ஆனால் பள்ளம் அங்கே முடிவதில்லை. 46-ஆம் நாள் முதல் பறிப்பு. குழு 15 நாளுக்கு ஒருமுறைதான் பணம் போடுகிறது. ஆகவே 60-ஆம் நாள் வரை கைக்கு ஒரு ரூபாய் வராது. ஒன்றுவிட்டு ஒருநாள் பறிப்புக் கூலியும் வண்டிச் சத்தமும் மட்டும் 650 ரூபாய் போய்க்கொண்டே இருக்கும். ஏழு பறிப்புக்கு 4,550. ஆக எனக்குத் தேவைப்பட்டது 26,550.

கூலி கொடுக்கப் பணமில்லாவிட்டால் பறிப்பு ஒருநாள் தள்ளிப் போகும். வெண்டை ஒருநாள் தள்ளினாலே முற்றிவிடும். நுனியை ஒடித்தால் சட்டென்று முறியாமல் நாராக வளையும். குடியிருப்புக்காரர்கள் அந்தக் கூடையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த 4,550-ஐக் கணக்கில் விடுவது மற்ற 22,000-ஐயும் ஆபத்தில் வைப்பதுதான்.

பணத்தை மூன்று தவணையாக எடுத்தேன்: ஊன்றும்போது ஒன்று, களையெடுப்புக்கு ஒன்று, முதல் பறிப்பு அன்று ஒன்று. கிசான் கடன் அட்டைக் கணக்கில் எடுத்த பணத்துக்கு எடுத்த நாளிலிருந்துதான் வட்டி. மொத்தமாக முதல் நாளே எடுத்து வீட்டில் வைத்தால் வட்டியும் ஏறும், பணமும் கரையும்.

திருப்பிக் கட்டுவதற்கு மாதத் தவணை ஒத்துவராது. முதல் பறிப்பில் 45 கிலோதான் வந்தது, நான்காம் வாரம் 200 கிலோவைத் தொட்டது, பிறகு இறங்கியது. அதனால் பில் தொகையில் பாதியைக் குழுவே பிடித்துக் கடன் கணக்கில் கட்ட எழுதிக் கொடுத்தேன். 22 பறிப்பில் 3,000 கிலோ, சராசரி விலை 18 ரூபாய். குழுவின் 8 சதவீதம் போக 49,680. அதில் 24,840 கடனுக்குப் போனது. மறுபாதியில் மிச்சப் பறிப்புக் கூலி 9,750 போக வீட்டுக்குச் சுமார் 15,000. அசலில் நின்ற 1,710-ஐயும் வட்டியையும் கடைசி பில்லில் தீர்த்தேன்.

விலை 18 இருந்ததால் சரி. வரும் தைப் பட்டத்துக்கு இதே ஏற்பாட்டை வைத்துக்கொள்ளலாமா?

சோழவரம் குத்தகை

அண்ணா, உங்கள் பெயரில் சிட்டா இருக்கிறது, வங்கிக்குப் போனீர்கள். எனக்கு நிலம் குத்தகை. கோயம்பேட்டு மண்டிக்காரர் விதைக்கும் மருந்துக்கும் முன்பணம் தருகிறார், வட்டி கேட்பதில்லை. ஆனால் காய் முழுவதும் அவருக்கே போக வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான். குழுவில் சேர்ந்த பிறகும் பாதி வெண்டையை இருட்டோடு இருட்டாக மண்டிக்கு ஏற்றுகிறேன். கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்துப் போட்டாலே உங்கள் அளவு 3,000 கிலோவில் 6,000 ரூபாய் போகும். உங்கள் வட்டி அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. எனக்குத் தெரிந்தே அங்கே போகிறேன், வேறு வழி?

ஊத்துக்கோட்டை சங்க உறுப்பினர்

இவ்வளவு கணக்கு எதற்கு? தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்குங்கள். கெடு தேதிக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. ஒரு வருடம் இருக்கிறது, மெதுவாகக் கட்டலாம்.

குழுக் கணக்கர்

ஊத்துக்கோட்டைக்காரர் சொல்லும் வட்டிச் சலுகை உண்மை. கெடு தாண்டினால் அது போய்விடும் என்பதும் உண்மை. ஆனால் வெண்டை மூன்று மாதத்தில் முடிந்துவிடும். கெடு வரும் நாளில் அந்தக் காய்ப் பணம் கல்யாணத்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போயிருக்கும். கடைசியில் நகையை அடகு வைத்துக் கெடுவைக் காப்பாற்றி, மறுநாளே புதுக் கடன் எடுத்து நகையை மீட்கிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். காய் இருக்கும்போதே கட்டிவிட வேண்டும்.

தோட்டக்காரர் ஐயாவுக்கு: உங்கள் "பில்லில் பாதி" ஏற்பாடு விலை சரிந்தால் தாங்காது. 10 ரூபாய்க்குப் போட்டுப் பாருங்கள். குழுப் பங்கு போக 27,600. பாதி 13,800 கடனுக்குப் போகும். மறுபாதியில் கூலி போக வீட்டுக்கு 4,050 தான், கடனிலோ 12,750 அப்படியே நிற்கும். வீட்டுக்கு எதுவும் எடுக்காமல் எல்லாவற்றையும் கட்டினாலும் 8,700 பாக்கி. அதனால் எங்கள் குழுவில் முதலில் பறிப்புக் கூலியைக் கழித்துவிட்டு, மிச்சத்தைத்தான் கடனுக்கும் வீட்டுக்கும் பிரிக்கிறோம். விலை 12-க்குக் கீழே போனால் கடனுக்கு மூன்றில் ஒன்று, 20-க்கு மேலே போனால் மூன்றில் இரண்டு. நல்ல விலையில் கூடுதலாகப் பிடித்தால்தான் கெட்ட விலையில் விட்டுப் பிடிக்க முடிகிறது.

அந்த 15 நாள் தாமதத்தைப் பற்றியும் சொல்கிறேன். குடியிருப்புகள் எங்களுக்கே மாதக் கடைசியில்தான் தருகின்றன. முன்பு அந்தச் சுமையை உறுப்பினர் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடன் வாங்கிச் சுமந்தார்கள். இப்போது குழு தன் சுழல்நிதியிலிருந்து பில்லில் பாதியை மூன்றாம் நாளே கொடுக்கிறது. முதல் வாரம் காய் குறைவு, கூலிக்குப் பற்றாது. இரண்டாம் வாரத்திலிருந்து கூலி காயிலேயே வந்துவிடுகிறது.

பூந்தமல்லி மாடித்தோட்டம்

சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் இருக்கிறதே, அதை வாங்கினால் செலவு குறையுமே!

குழுக் கணக்கர்

அது பல வருடம் உழைக்கும் குழாய்க்கு வரும் பணம், அம்மா. இங்கே பேசுவது மூன்று மாதத்தில் சுற்றி வர வேண்டிய பணம். சொட்டுநீர் இருந்தாலும் பறிப்புக் கூலி கொடுத்தே ஆக வேண்டும்.

சோழவரம் தம்பிக்கு: குத்தகைக்காரர்கள் நான்கு பேருக்குக் குறையாமல் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழுவாக வங்கியில் கேட்கலாம். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும், அதனால் ஆளைப் பார்த்துச் சேருங்கள். முதலில் மண்டிப் பாக்கியைத் தீர்க்கும் அளவுக்காவது கேளுங்கள். அது நிற்கும்வரை குழுவுக்கு வரும் காய் அரைகுறையாகத்தான் இருக்கும்.

செங்குன்றம் கீரைக்காரி

நான் சொல்வது மழையைப் பற்றி. புரட்டாசியில் ஊன்றி ஐப்பசி, கார்த்திகையில் பறிக்கலாம் என்று கடன் எடுக்காதீர்கள். 2023 டிசம்பர் புயல் மழையில் எங்கள் பக்கம் தண்ணீர் வடியவே பல நாளானது. அந்த மூன்று மாதத்தில் கட்ட வேண்டிய தேதி எதுவும் விழாதபடி கேட்டு வாங்குங்கள். நான் கால் ஏக்கரில் வாரம் ஒரு பாத்தியாக அரைக்கீரையும் சிறுகீரையும் விதைக்கிறேன். 25 நாளில் பணம் வருகிறது. வெண்டைக் கூலியைக் கீரை கொடுத்துவிடும், அந்த 4,550 கடனே எனக்கு வேண்டியதில்லை. மழையில் கீரையும் அழுகும் என்பது வேறு விஷயம்.

தாமரைப்பாக்கம் தோட்டக்காரர்

கணக்கர் ஐயா, கூலி போக மிச்சத்தைப் பிரிப்பது சரியாகப் படுகிறது. ஒரு கேள்வி நிற்கிறது. தைப் பட்டத்து வெண்டைக்கு வெயில் ஏறும்போது வெள்ளை ஈ வரும், கூடவே மஞ்சள் தேமல். இலை நரம்பு மஞ்சளாகி, காய் வெளுத்துச் சிறுத்தால் விலை இருந்தாலும் கிலோ இருக்காது. உங்கள் ஏற்பாடு விலை சரிவைத்தான் தாங்குகிறது, விளைச்சல் சரிவை அல்ல. அப்போது பாக்கி யார் தலையில்?

குழுக் கணக்கர்

எங்கள் குழுவிலும் அது தீரவில்லை, ஐயா. 50 நாளுக்குள் தேமல் பரவினால் மூன்றாம் தவணையை எடுக்க விடுவதில்லை. தோட்டத்தைப் பார்த்துவிட்டு, வெண்டையைப் பிடுங்கி முள்ளங்கி போடச் சொல்கிறோம், 45 நாளில் வந்துவிடும் என்று. பாதிப் பேர் பிடுங்குகிறார்கள். மீதிப் பேருக்குப் பூவைப் பார்த்தால் மனம் வருவதில்லை. அவர்கள் பாக்கியை அடுத்த பட்டத்தில் சேர்ப்பதா, சுழல்நிதியில் எழுதிக்கொள்வதா என்று போன கூட்டத்தில் சண்டையே வந்தது.