வகுப்பறை ஸ்பீக்கர்: தலைமை ஆசிரியருக்கான கடிதத்தில் எதற்குப் பணம் கேட்பது?

எங்கள் வகுப்பறை ஆம்ப்ளிஃபயர் ஒரே ஆண்டில் மூன்று முறை பழுதாகிவிட்டது. இரண்டு முறை அவுட்புட் டிரான்சிஸ்டர் எரிந்து மாற்றினோம். இப்போது இருபது நிமிடத்தில் சூடாகித் தானே நின்றுவிடுகிறது. ஆறியதும் மறுபடி பாடுகிறது. பழுதுபார்ப்புச் செலவுக்குத் தலைமை ஆசிரியருக்குக் கடிதம் எழுத வேண்டும். "போன தடவையே சரி செய்தோமே?" என்றுதான் முதலில் கேட்பார், அதுவும் நியாயம்தான்.

ஆம்ப்ளிஃபயர் 60 வாட். பின்புறம் குறைந்தது 4 ஓம் என்று அச்சிட்டிருக்கிறது. முதலில் 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டு மட்டும் இருந்தன, தொல்லையே இல்லை. போன ஆண்டு பின்வரிசைக்காக அதே மாதிரி இன்னும் இரண்டை இணையாகச் சேர்த்தார்கள். அப்புறம்தான் எல்லாம். நான்கும் சேர்ந்தால் 2 ஓம்தானே வரும்!

ஒலியைக் குறைத்தேன், மின்விசிறி வைத்தேன், ஒயரில் ஷார்ட் இருக்கிறதா என்றும் பார்த்தேன். பயனில்லை. மல்டிமீட்டரில் 1.7 ஓம் காட்டியது. பின்னால் உள்ள இரண்டையும் கழற்றியபோது நாள் முழுக்க நிற்காமல் ஓடியது; ஆனால் கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை.

இரண்டிரண்டாகத் தொடரில் கோத்து, அந்த இரு ஜோடிகளை இணையாக்கினால் 8 ஓம் வரும். செலவு ஒயர் மட்டும்தான், ஆனால் வாட் குறையும். இல்லையென்றால் 100 வோல்ட் லைன் ஆம்ப்ளிஃபயரும், ஸ்பீக்கருக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் வாங்க வேண்டும்.

அறுபது மாணவர் உட்காரும் அறைக்கு ஒயர் மாற்றம் போதுமா, அல்லது கடிதத்தில் 100 வோல்ட் அமைப்புக்கே பணம் கேட்கட்டுமா?