t = 0 வைத்தால் 1 வருகிறது, எங்கே தவறு?

பாலக்கோடு மாணவி: தோழி கரும்பலகையைப் போட்டோ எடுத்து அனுப்பினாள்: y'' + 3y' + 2y = e^(-t), y(0) = 0, y'(0) = 0. லாப்லாஸ் எடுத்து Y = 1/((s+1)²(s+2)) வரை வந்தேன். A/(s+1)² + B/(s+2) என்று பிரித்ததில் A, B இரண்டுமே 1. விடை t·e^(-t) + e^(-2t). ஆனால் t = 0 வைத்தால் 1 வருகிறது. எங்கே தவறு?

ஊத்தங்கரை ஆசிரியர்: எழுதிய இரண்டும் சரி, ஒன்று விடுபட்டிருக்கிறது கண்ணு. உங்கள் இரண்டு பின்னங்களையும் திரும்பக் கூட்டிப் பாருங்கள். மேலே 1 வர வேண்டிய இடத்தில் s² + 3s + 3 வரும். (s+1) இரண்டு முறை வருவதால் C/(s+1) என்று ஒரு பின்னமும் வேண்டும். s = 0 போட்டால் 1/2 = C + 1 + 1/2, அதனால் C = -1. அட்டவணையில் 1/(s+1)-க்கு நேரே e^(-t) இருக்கும். ஆகவே:

```
y = t e^(-t) - e^(-t) + e^(-2t)
```

இப்போது t = 0-வில் y-யும் y'-உம் பூஜ்யம்.

கிருஷ்ணகிரி டிப்ளமா: சார், இதற்கு லாப்லாஸே வேண்டாம். வலப்பக்கம் e^(-t), அதனால் K·e^(-t) என்று வைத்தால் நாலு வரியில் முடிந்துவிடும்.

ஊத்தங்கரை ஆசிரியர்: வைத்துப் பாருங்கள் தம்பி. K - 3K + 2K, இடப்பக்கம் முழுக்கப் பூஜ்யம். K எதுவானாலும் e^(-t) கிடைக்காது.

கிருஷ்ணகிரி டிப்ளமா: சரி, K·t·e^(-t) என்று வைத்திருக்க வேண்டும். அப்படி வைத்தால் K = 1 வருகிறது. அப்புறம் இரண்டு மாறிலிகளைக் கண்டுபிடித்தால் உங்கள் விடையேதான். ஆனாலும் என் வழிதான் சுருக்கம் என்பேன்.

ஊத்தங்கரை ஆசிரியர்: அந்த t-யை முன்கூட்டியே நினைவில் வைத்திருந்தால் சுருக்கம்தான். பகுதி பின்னத்தில் (s+1)² என்று அது கண்முன்னே நிற்கிறது. தேர்வு அறையில் எனக்கு அதுதான் நம்பிக்கை.

ஓசூர் பட்டறை: எங்கள் சோதனை மேசையில் ஒரு கெப்பாசிட்டர் ஏற்கெனவே சார்ஜ் ஆகியிருந்ததைக் கவனிக்காமல், தொடக்க மதிப்பைப் பூஜ்யம் என்று வைத்து ஒரு நாள் முழுக்க வீணாக்கினேன். அதனால் முதலில் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். y'(0)-க்கு எதிரே இருப்பது எனக்கு 1 மாதிரி தெரிகிறது. பக்கத்திலேயே சாக்பீஸ் அழித்த கறை.

ஊத்தங்கரை ஆசிரியர்: 1 என்றால் கணக்கே வேறு. y''-ஐ உருமாற்றும்போது -y'(0) வருமே, அது வலப்பக்கம் போய் 1/(s+1) + 1 ஆகும், அதாவது (s+2)/(s+1). கீழே உள்ள (s+2) அடிபட்டு Y = 1/(s+1)² மட்டும் மிஞ்சும். விடை t·e^(-t), பகுதி பின்னமே தேவையில்லை. பகுதி பின்னப் பாடத்தில் அப்படி ஒரு கணக்கு கொடுப்பார்களா? 0-வாகத்தான் இருக்கும்.

ஓசூர் பட்டறை: பிரிப்பதற்கு முன் அடிபடுகிறதா என்று பார்க்கிறார்களா எனச் சோதிக்கவே கொடுத்திருக்கலாம் சார்.

பாலக்கோடு மாணவி: தோழி பஸ்ஸில் இருக்கிறாள், இன்னும் பதில் இல்லை. நோட்டில் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். கூட்டிப் பார்த்தேன், s² + 3s + 3-தான் வந்தது.